டெஸ்ட் லிங்க் வந்துவிட்டது, எவ்வளவு நேரம் என்று இல்லை: ரெக்ரூட்டருக்கு என்ன எழுதுவது?

"ஜாவாவில் 2 வருட அனுபவம், சென்னையில் வேலை பார்க்கிறேன். பெங்களூரு நிறுவனம் ஒன்றின் ரெக்ரூட்டர் ஆன்லைன் டெஸ்ட் லிங்க் அனுப்பி, வெள்ளிக்கிழமை இரவு 11:59-க்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறார். கோடிங்கா, ஆப்டிட்யூடா, எவ்வளவு நேரம் என்று எதுவும் இல்லை. இதைக் கேட்டால் தயாராகாதவன் என்று நினைப்பார்களா? எப்படிப் பதில் எழுதுவது?"

தாராளமாகக் கேளுங்கள். நான் சில வருடங்கள் ஆள் எடுக்கும் பக்கம் இருந்தவன். எங்கள் குழுவுக்கான டெஸ்ட்டை அமைப்பதும், அழைப்பு போன பிறகு வரும் மெயில்களுக்கு ரெக்ரூட்டரோடு உட்கார்ந்து பதில் சொல்வதும் என் வேலையில் ஒரு பகுதி. எவ்வளவு நேரம், என்ன வடிவம் என்று கேட்டதற்காக யாரையும் நாங்கள் குறைத்து எடை போட்டதில்லை. சிரமம் தந்தவை இரண்டு வகை மெயில்கள்தான். ஒன்று, அழைப்பிலேயே எழுதியிருப்பதைத் திரும்பக் கேட்பது. இன்னொன்று, டெஸ்ட்டைத் தொடங்கிவிட்டு, "இதில் ஆப்டிட்யூடும் இருக்கும் என்று தெரியாது, மறுபடி வாய்ப்பு தர முடியுமா" என்று கேட்பது. முதலாவது நேரத்தை மட்டும் வீணாக்கும். இரண்டாவதற்கு எங்களால் பெரும்பாலும் எதுவும் செய்ய முடியாது.

அதனால் மெயில் எழுதும் முன் ஒரு வேலை இருக்கிறது. அழைப்பை முழுக்கப் படித்து, லிங்க்கின் முதல் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஹேக்கர்ரேங்க் போன்ற தளங்களில் லிங்க்கைத் திறந்ததுமே கடிகாரம் ஓடத் தொடங்காது. மொத்த நேரம், கேள்விகளின் எண்ணிக்கை, விதிமுறைகள் ஆகியவை முதல் பக்கத்திலேயே இருக்கும். அதைத் தாண்டி உள்ளே போய், ஒப்புதல் கொடுத்துத் தொடங்கினால்தான் நேரம் ஓடும். ஆனால் நிறுவனங்கள் தாங்களே கட்டிய தளங்களில் இந்த ஒழுங்கை எதிர்பார்க்காதீர்கள். வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், அப்படி ஒரு தளத்தில் விவரம் பார்க்கலாம் என்று நினைத்து இரவு பத்தரை மணிக்கு "தொடர்க" என்ற பட்டனை அழுத்தினேன். அடுத்த திரையில் 60 நிமிடக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. லேப்டாப்பில் சார்ஜ் குறைவு, சார்ஜர் அறை நண்பனிடம், அவன் ஊருக்குப் போயிருந்தான். அந்த வேலை அத்தோடு போயிற்று. அதற்குப் பிறகு, அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று அந்தப் பக்கமே சொல்லாதவரை எந்தப் பட்டனையும் நான் அழுத்துவதில்லை. நீங்களும் முதல் பக்கத்தோடு நின்றுவிடுங்கள். அதில் கிடைக்காததைத்தான் மெயிலில் கேட்க வேண்டும்.

சரி, எதைக் கேட்பது?

"எவ்வளவு நேரம்" என்ற ஒரே கேள்விக்குள் மூன்று கணக்குகள் இருக்கின்றன. லிங்க் எப்போது வரை உயிரோடு இருக்கும் என்பது ஒன்று. தொடங்கிய பிறகு எத்தனை நிமிடம் என்பது இரண்டாவது. ஒவ்வொரு பகுதிக்கும் தனி நேரம் உண்டா என்பது மூன்றாவது. "வெள்ளி வரை நேரம் இருக்கிறது" என்று படித்துவிட்டு, புதன்கிழமை கொஞ்சம், வியாழக்கிழமை கொஞ்சம் என்று செய்யலாம் என நம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். தொடங்கிய டெஸ்ட்டை நிறுத்தி வைக்க முடியாது. பிரவுசரை மூடினாலும் கடிகாரம் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும்.

முதல் கணக்கிலேயே இரண்டு இடறல்கள் உண்டு. 11:59 என்பது எந்த ஊர் நேரம்? பெங்களூரு அலுவலகம் என்றாலும் டெஸ்ட்டை அமைத்த குழு வேறு நாட்டில் இருக்கலாம். அமெரிக்க நேரமாக இருந்தால் உங்களுக்குச் சாதகம்தான். கலிபோர்னியாவில் வெள்ளி இரவு 11:59 என்பது நமக்குச் சனிக்கிழமை மதியம். சிக்கல் நமக்குக் கிழக்கே இருக்கும் ஊர்களால் வரும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே 11:59 ஆகும்போது இங்கே இரவு 9:29. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் பத்து மணிக்கு உட்கார்ந்தால் லிங்க் செத்துப்போயிருக்கும். அடுத்த இடறல், அந்த நேரத்துக்குள் தொடங்கினால் போதுமா, முடித்திருக்க வேண்டுமா என்பது. சில அமைப்புகளில் 11:50-க்குத் தொடங்கினாலும் முழு நேரமும் கிடைக்கும். சிலவற்றில் 11:59-க்கு விடைத்தாள் தானாகவே சமர்ப்பிக்கப்பட்டுவிடும். இந்த ஒரு வரியைக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

மூன்றாவது கணக்கு ஆப்டிட்யூட் இருக்கும் டெஸ்ட்டில் பெரிய வித்தியாசம் செய்யும். மொத்தம் 90 நிமிடம், எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவாக என்றால், நீங்கள் ஆப்டிட்யூடை 20 நிமிடத்தில் முடித்து மீதியைக் கோடிங்குக்குக் கொடுக்கலாம். பகுதிக்குப் பகுதி பூட்டு என்றால், மிச்சமான பத்து நிமிடம் கோடிங்குக்கு வராது, முந்தைய பகுதிக்குத் திரும்பவும் முடியாது. அப்படியென்றால் ஆப்டிட்யூடில் அவசரப்படுவதில் ஒரு லாபமும் இல்லை.

இதோடு சேர்த்துக் கேட்க வேண்டியது தவறான விடைக்கு மதிப்பெண் குறையுமா என்பது. நான்கு விடைகளில் ஒன்று சரி, சரிக்கு 1 மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். தவறுக்கு கால் மதிப்பெண் குறைத்தால், ஒன்றுமே தெரியாமல் குறித்த நான்கு கேள்விகளில் சராசரியாக ஒன்று சரியாகி 1 வரும், மூன்று தவறாகி முக்கால் போகும். கால் மதிப்பெண் மிச்சம். அதாவது கண்ணை மூடிக் குறித்தாலும் நஷ்டமில்லை. மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் வந்ததும் போனதும் சரியாகிவிடும். ஒரு விடையாவது தப்பு என்று தெரிந்து ஒதுக்க முடிந்தால்தான் குறிக்க வேண்டும். மைனஸ் மார்க்கே இல்லையென்றால் ஒரு கேள்வியைக்கூடக் காலியாக விடக் கூடாது.

வடிவத்துக்கு வருவோம். கோடிங் என்று சொன்னாலும் அதில் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்றில் ஃபங்ஷனின் ஓடு தயாராக இருக்கும், உள்ளே மட்டும் எழுதினால் போதும். கோடிலிட்டி இப்படித்தான்:

```java
class Solution {
    public int solution(int[] A) {
        // உங்கள் விடை இங்கே
        return 0;
    }
}
```

இன்னொன்றில் உள்ளீட்டைப் படிப்பதிலிருந்து விடையை அச்சிடுவது வரை முழு நிரலும் உங்கள் பொறுப்பு:

```java
BufferedReader br = new BufferedReader(
    new InputStreamReader(System.in));
int n = Integer.parseInt(br.readLine().trim());
```

அலுவலகத்தில் ஸ்பிரிங் பூட்டில் வேலை பார்ப்பவர்கள் `System.in` பக்கமே போய் வருடக்கணக்காகியிருக்கும். என்னிடம் டெஸ்ட் எழுதியவர்களில் தர்க்கம் சரியாக இருந்தும், ஒரு வரியில் இடைவெளி விட்டு வரும் எண்களைப் பிரித்துப் படிப்பதில் கால் மணி நேரத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. `Scanner` வைத்துப் படித்தால் லட்சக்கணக்கான எண்கள் வரும்போது மெதுவாகி, நேர வரம்பைத் தாண்டிவிடக்கூடும். அல்காரிதம் தவறு என்று நினைத்து நல்ல தீர்வை மாற்றிக் கெடுத்துக்கொள்வார்கள். இந்தப் பழக்கத்தை மீட்க ஒரு மாலை போதும், ஆனால் அது முன்கூட்டியே தெரிய வேண்டும்.

மொழியையும் கேளுங்கள். டெஸ்ட் அமைப்பவர் எந்தெந்த மொழிகளை அனுமதிப்பது என்று தேர்ந்தெடுக்கலாம். ஜாவா உண்டு என்பதோடு எந்தப் பதிப்பு என்றும் தெரிந்தால் நல்லது. ஜாவா 8 என்றால் `List.of` இல்லை, அது 9-இல் வந்தது. `var` இல்லை, அது 10-இல் வந்தது. எஸ்க்யூஎல் பகுதி இருந்தால் எந்த டேட்டாபேஸ் என்று கேளுங்கள். மைஎஸ்க்யூஎல்-இல் `ROW_NUMBER()` போன்றவை 8.0 பதிப்பிலிருந்துதான் உண்டு.

கடைசியாகக் கண்காணிப்பு. கேமரா ஓடுமா, முழுத்திரையிலேயே இருக்க வேண்டுமா, தனி பிரவுசர் நிறுவ வேண்டுமா? தனி பிரவுசர்தான் அதிகம் சிக்க வைப்பது. அலுவலக லேப்டாப்பில் மென்பொருள் நிறுவ அனுமதி இருக்காது. உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. உதாரணமாக, சேஃப் எக்ஸாம் பிரவுசர் விண்டோஸ், மேக், ஐஓஎஸ் மூன்றுக்கும்தான் இருக்கிறது, லினக்ஸுக்கு இல்லை. தாளும் பேனாவும் பயன்படுத்தலாமா என்பதும் கேட்கத் தகுந்ததே. கேமரா முன் அடிக்கடி குனிந்தால் அது குறித்து வைக்கப்படலாம்.

இவை எல்லாவற்றையும் ஒரே மெயிலில் கொட்டினால் பதில் தாமதமாகும். காரணம் எளிது. நேரம், பகுதிகள், கடைசித் தேதி, கண்காணிப்பு, அனுமதித்த மொழிகள் எல்லாம் டெஸ்ட்டின் அமைப்பிலேயே இருக்கும். ரெக்ரூட்டர் திறந்து பார்த்து ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஜாவா பதிப்பு, முழு நிரலா ஃபங்ஷனா போன்றவற்றை அவர் டெவலப்பர்களிடம் கேட்க வேண்டும். அதற்கு ஒன்றிரண்டு நாள் போகும். அதனால் அவர் உடனே சொல்லக்கூடியதை மேலே வையுங்கள், மற்றதை ஒரே வரியில் கீழே வையுங்கள், அதற்குப் பதில் வராவிட்டாலும் பரவாயில்லை என்பது தெரியும்படி எழுதுங்கள். பதிப்பும் நிரல் வடிவமும் பல தளங்களில் அவர்களே தரும் மாதிரி டெஸ்ட்டை எழுதிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். அதன் உள்ளடக்கம் இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம். பேக்எண்ட் டெவலப்பர் பணிக்கான ஆன்லைன் டெஸ்ட் அழைப்பு கிடைத்தது, நன்றி. வியாழக்கிழமை மாலை எழுதத் திட்டமிட்டிருக்கிறேன். அதற்கு முன் நான்கு விவரங்கள் தேவை.
1. தொடங்கிய பிறகு மொத்தம் எத்தனை நிமிடம்? பகுதிகளுக்குத் தனி நேரம் உண்டா?
2. கோடிங், ஆப்டிட்யூட், எஸ்க்யூஎல் ஆகியவற்றில் எவை இருக்கும்? தவறான விடைக்கு மதிப்பெண் குறையுமா?
3. வெள்ளி இரவு 11:59 என்பது இந்திய நேரமா? அதற்குள் தொடங்கினால் போதுமா, முடித்திருக்க வேண்டுமா?
4. கேமரா அல்லது தனி பிரவுசர் தேவைப்படுமா? என்னிடம் இருப்பது உபுண்டு லேப்டாப்.
ஜாவாவில் எழுத விரும்புகிறேன். எந்தப் பதிப்பு என்று தெரிந்தால் உதவியாக இருக்கும். டெஸ்ட்டை இன்னும் தொடங்கவில்லை."

அழைப்பு வந்த அதே மெயிலுக்குப் பதிலாக அனுப்புங்கள், புது மெயிலாக வேண்டாம். ஒரு ரெக்ரூட்டர் ஒரே வாரத்தில் பல பணிகளுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார். எந்தப் பணி, எந்த லிங்க் என்று அவர் தேட வேண்டியிருக்கக் கூடாது. ஆனால் அனுப்பும் முகவரியை ஒரு முறை பாருங்கள். தளமே தானாக அனுப்பிய அழைப்புக்குப் பதில் போட்டால் யாரும் படிக்காமல் போகலாம். அப்படியென்றால் உங்களிடம் முதலில் பேசிய ரெக்ரூட்டரின் முகவரிக்கு அனுப்ப வேண்டும். "வியாழன் மாலை எழுதுகிறேன்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். எப்போதைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது அவருக்கு அதிலிருந்துதான் தெரியும். "இன்னும் தொடங்கவில்லை" என்பதும் அப்படித்தான். தேதியை நீட்டிக்கவோ அமைப்பை மாற்றவோ வேண்டியிருந்தால், தொடங்காதவருக்குத்தான் அது சுலபம்.

என்ன தலைப்பில் கேள்வி வரும், கட் ஆஃப் எவ்வளவு, கஷ்டமாக இருக்குமா ஆகிய மூன்றையும் எழுத வேண்டாம். முதலாவதைச் சொல்ல அவருக்கு அனுமதி இருக்காது, மற்ற இரண்டுக்கும் அவரிடம் நேர்மையான பதில் இருக்காது.

போன வருடம் என்னோடு வேலை பார்த்தவரின் தம்பி, திருநெல்வேலிக்காரர், ஏறக்குறைய இதே நிலையில் இருந்தார். திங்கள் மாலை அழைப்பு, வெள்ளி இரவு கடைசி. செவ்வாய் காலை பத்து மணிக்கு மேலே இருப்பது போன்ற மெயிலை அனுப்ப வைத்தேன். புதன் மதியம் பதில் வந்தது. மொத்தம் 110 நிமிடம்; ஆப்டிட்யூட் 20 கேள்விகள் 30 நிமிடம், அந்தப் பகுதி பூட்டப்படும், மைனஸ் மார்க் இல்லை; கோடிங் இரண்டு கேள்விகள் 60 நிமிடம்; எஸ்க்யூஎல் 20 நிமிடம். இந்திய நேரம், அதற்குள் முடித்திருக்க வேண்டும். கேமரா உண்டு, தனி பிரவுசர் உண்டு, விண்டோஸ் வேண்டும். ஜாவா பதிப்பு பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அந்தப் பதில் அவருடைய தயாரிப்பையே மாற்றியது. அதுவரை கிராஃப், டைனமிக் புரோகிராமிங் என்று அலைந்துகொண்டிருந்தார். ஆப்டிட்யூட் பகுதி பூட்டப்படுவதால் ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம் முழுதாக உண்டு, கோடிங்குக்காக அதில் மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை என்று புரிந்தது. மைனஸ் மார்க் இல்லை என்பதால், கடைசி இரண்டு நிமிடத்தில் விட்ட கேள்விகளையெல்லாம் குறித்துவிடுவது என்று வைத்துக்கொண்டார். புதன் இரவு ஜாயினும் குரூப் பையும் மட்டும் பார்த்தார். வியாழன் காலை நண்பரின் விண்டோஸ் லேப்டாப்பை வாங்கி அந்தப் பிரவுசரை நிறுவியபோது, கேமராவுக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அதைச் சரிசெய்ய அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரம் அவருடைய சொந்த நேரம், டெஸ்ட் நேரம் இல்லை. ஜாவா பதிப்பு தெரியாததால் ஜாவா 8-இல் ஓடக்கூடியதை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்தார். தெரியாதபோது அதுதான் பாதுகாப்பான வழி. வெள்ளி இரவுக்குக் காத்திருக்காமல் வியாழன் மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்தார். ஏதாவது கோளாறு வந்தால் ரெக்ரூட்டரைப் பிடிக்க வெள்ளிக்கிழமை முழுக்க இருக்கிறது அல்லவா.

பதில் வராவிட்டால்? ஒரு முழு வேலை நாள் காத்திருங்கள். அப்புறம் அதே மெயிலில் இரண்டு வரி போதும்: "கடைசித் தேதி வெள்ளி என்பதால் நினைவூட்டுகிறேன். குறைந்தபட்சம் முதல் கேள்விக்கு மட்டும் பதில் கிடைத்தால் போதும்." அதற்கும் பதில் இல்லையென்றால் மோசமான பக்கத்தை எடுத்துக்கொண்டு திட்டமிடுங்கள். கடைசி நேரம் சிங்கப்பூர் நேரம், அதற்குள் முடித்திருக்க வேண்டும், கேமரா உண்டு, தொடர்ந்து மூன்று மணி நேரம் எழுந்திருக்க முடியாது என்று வைத்துக்கொண்டு உட்காருங்கள். பதில் வரவில்லை என்பதற்காக டெஸ்ட்டை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். லிங்க் காலாவதியானது மட்டும்தான் பட்டியலில் தெரியும், நீங்கள் கேட்ட மெயில் தெரியாது.

பார்வைக் குறைபாடு, டிஸ்லெக்சியா, கை நரம்புப் பிரச்சினை போன்ற காரணங்களால் கூடுதல் நேரம் தேவைப்பட்டால், அதையும் இதே மெயிலில், தொடங்கும் முன்பே கேட்க வேண்டும். பெரும்பாலான தளங்களில் ஒரு தனி நபருக்கு மட்டும் நிமிடங்களைக் கூட்டிக் கொடுக்கும் வசதி உண்டு. என்ன குறைபாடு என்று விளக்கி எழுத வேண்டியதில்லை. எத்தனை நிமிடம் கூடுதலாகத் தேவை என்று சொன்னால் அமைப்பவருக்கு வேலை எளிது.

டெஸ்ட் நடுவில் கரண்ட் போனாலோ நெட் அறுந்தாலோ, முதலில் அதே லிங்க்கில் மறுபடி உள்ளே போகப் பாருங்கள். ஹேக்கர்ரேங்கில் நேரம் மிச்சமிருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், போன நிமிடங்கள் மட்டும் திரும்பாது. உள்ளே போக முடியவில்லை என்றால் போனிலிருந்து உடனே ரெக்ரூட்டருக்கு மெயில் அனுப்புங்கள்: எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எத்தனை மணிக்கு அறுந்தது, கடிகாரத்தில் எவ்வளவு மிச்சம் இருந்தது, திரையில் என்ன எழுதியிருந்தது. திரையைப் போனில் படம் பிடித்து இணையுங்கள். தளத்தின் பதிவில் நீங்கள் வெளியேறிய நேரம் இருக்கும். உங்கள் மெயிலில் இருக்கும் நேரம் அதோடு ஒத்துப்போனால், அமைப்பவர் புது லிங்க் தருவதற்கு வேறு எதையும் கேட்க மாட்டார். நான் கொடுத்த புது லிங்க்குகள் எல்லாமே அப்படி அரை மணி நேரத்துக்குள் மெயில் அனுப்பியவர்களுக்குப் போனவைதான்.